ஏழையாகத் தெரியாத நாகேஸ்வரனின் பென்ஷன் விசாரணை

வலியசாலை நாகேஸ்வரனைப் பார்த்து இவர் ஏழை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதுதான் அவருடைய வாழ்நாள் கஷ்டம்.

நல்ல எலுமிச்சை நிறம். முன்னால் ஒரு தொந்தி, அதுவும் சும்மா தொங்குகிற தொந்தியில்லை, நாலு தலைமுறைச் சொத்தை உள்ளே வைத்துப் பூட்டியது மாதிரி கம்பீரமான தொந்தி. காதோரம் மட்டும் நரைத்த சுருட்டை முடி. சிரித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். கோயில் நன்கொடைக்கு ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்கள் மற்ற வீடுகளை எல்லாம் தாண்டிக்கொண்டு நேராக அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஆசுபத்திரியில் டோக்கன் கொடுக்கிற மலையாளப் பெண், “சாருக்கு பே வார்டு அல்லே?” என்று தானாகவே கேட்பாள். அவர் குடியிருந்ததோ அக்கிரகாரத்து வீடு ஒன்றின் பின்கட்டில், ஒரு அறை, ஒரு சமையலறை, வாடகைக்கு.

அந்தப் பணக்காரக் களைதான் அவருக்குச் சோறும் போட்டது. எட்டு வருஷம் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில் கணக்கெழுதினார். கம்பெனி மூடிவிட்டது. அடுத்த வேலைக்கு அலைந்துகொண்டிருந்தபோது ஒரு கல்யாணத்தில் சமையல் காண்டிராக்டர் அனந்து இவரைப் பார்த்தார். பார்த்தவர் பெண்ணின் பெரியப்பா என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். விஷயம் தெரிந்ததும் விடவில்லை. “ஓய், நீர் ஒண்ணும் செய்ய வேண்டாம். பந்தி வாசல்லே நில்லும், போறும்” என்றார்.

அன்று நின்றவர்தான், இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நின்றார். பந்தி விசாரிப்பது அவர் தொழில். வருகிறவர்கள் தலையில் பன்னீர் தெளிப்பார், சந்தனம் நீட்டுவார், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் இலைக்கு முன்னால் உட்கார வைப்பார். “வாங்கோ வாங்கோ, இதென்ன சங்கோஜம், நம்மாத்துக் கல்யாணமாக்கும்! நம்ம ஹால், நம்ம சாப்பாடு! போளி இன்னொண்ணு போட்டுக்கோங்கோ, நம்மகிட்ட இல்லாததா?” கல்யாணம் யாருடையதாக இருந்தாலும் வசனம் இதுதான். வந்தவர்கள், இவர்தான் வீட்டுக்காரர் என்று நம்பி வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். உண்மையான வீட்டுக்காரர் மூலையில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார். முகூர்த்த நாளில் கூலி உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கூலியும் கிடையாது, சாப்பாடும் கிடையாது.

அறுபது நெருங்கியதும் முழங்கால் முணுமுணுக்க ஆரம்பித்தது. மூன்று பந்திக்கு நின்றால் நாலாவது பந்திக்குக் கால் வர மறுத்தது. பெங்களூரில் இருக்கும் மகள் ஜானவி போன் செய்து தீர்ப்பு சொல்லிவிட்டாள். “அப்பா, போறும் நின்னது. ஓணம் கழிஞ்சதும் அம்மாவும் நீயும் இங்கே வந்துடுங்கோ.”

மகள் தங்கம், மாப்பிள்ளை வினய் சொக்கத் தங்கம். ஆனால் பெங்களூர் என்றாலே நாகேஸ்வரனுக்குக் குலை நடுங்கும். ஒரு தடவை போய் இருந்து பார்த்திருக்கிறார். பதினோராவது மாடி. வாங்கோ என்று சொல்ல ஒரு ஆள் வராத வீடு. கூரியர் கொடுக்க வந்த பையனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்து மோர் கொடுத்ததில் அவன் பயந்துபோய் செக்யூரிட்டியைக் கூப்பிட்டுவிட்டான்.

இங்கேயே இருக்க வேண்டுமென்றால் வாடகை வேண்டும். மனைவி வாலாம்பாள் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துச் சம்பாதிப்பதில் அரிசி பருப்பு நடந்துவிடும். வாடகைதான் இடித்தது. அப்போதுதான் அவருக்கு முதியோர் பென்ஷன் ஞாபகம் வந்தது. மாசம் இரண்டாயிரம். போன வருஷம் வரைக்கும் ஆயிரத்து அறுநூறாக இருந்ததைக் கூட்டியிருந்தார்கள். அது வந்தால் வலியசாலை, வராவிட்டால் பதினோராவது மாடி.

பள்ளிக்கூடச் சர்டிபிகேட் கணக்குப்படி மே மாசம் அறுபது முடிந்தது. மறுநாள் காலையில், அரசாங்க விண்ணப்பங்களை அனுப்பிக் கொடுக்கிற அக்ஷயா சென்டரில் போய் நின்றார். அங்கே கம்ப்யூட்டரில் இருந்த லிபி என்ற பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்கம் டாக்ஸ் கட்டவாணோ சாமி?”

“இல்லை குழந்தே, வயசானவாளுக்குள்ள பென்ஷனுக்கு.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

லிபி நாற்காலியை ஒரு அடி பின்னால் தள்ளி அவரை முழுசாகப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேள்விகளைத் தொடங்கினாள். வேறு பென்ஷன் ஏதாவது உண்டா? தொழிலாளர் க்ஷேமநிதி எதிலாவது சேர்ந்ததுண்டா? பி.எஃப்.?

“எட்டு வருஷம் பிடிச்சான். கம்பெனி பூட்டினப்புறம் அப்படியே கிடந்தது. ஜானவி கல்யாணத்துக்கு மொத்தமா எடுத்துட்டேன்.”

“பத்து வருஷம் ஆயிருந்தா பி.எஃப். பென்ஷன் ஏதாவது வந்திருக்கும் சாமி. மினிமம் ஆயிரமெங்கிலும் கிட்டும். எட்டு வருஷத்துக்கு அதில்லை” என்றாள் லிபி. “சாரமில்லை, போகட்டும். இது நம்ம கட்டின காசுக்கு வர்றதில்லை. வயசும் வருமானமும் பார்த்து கவர்மென்ட் தர்றது. குடும்பத்துக்கு வருஷ வருமானம் ஒரு லட்சத்துக்குள்ள இருக்கணும், அதுக்கு வில்லேஜ் ஆபீஸ் சர்டிபிகேட் வேணும். அப்புறம் கார்ப்பரேஷன்லேர்ந்து நேரா வந்து பார்ப்பாங்க.”

“எப்போ வருவா?”

“சொல்லிட்டு வரமாட்டாங்க. ஆனா சாமி…” லிபி தயங்கினாள். “கொஞ்சம் பாவப்பட்ட மாதிரி இருங்க.”

வில்லேஜ் ஆபீஸில் அவரைப் பார்த்ததும் நாற்காலி போட்டார்கள். வருமானம் எவ்வளவு என்று சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைத் திரும்ப ஒரு தடவை பார்த்தார்கள். அனந்துவைக் கூப்பிட்டு விசாரித்து, வாலாம்பாளின் தையல் வரும்படியையும் சேர்த்துக் கூட்டி, லட்சத்துக்கு நன்றாகக் கீழேதான் நிற்கிறது என்று உறுதியானபின் சர்டிபிகேட் கொடுத்தார்கள். விண்ணப்பம் கார்ப்பரேஷனுக்குப் போயிற்று.

அன்றிலிருந்து வீட்டில் ஒத்திகை ஆரம்பமானது. வாலாம்பாள் டைரக்டர்.

“எங்கே, ஒரு தரம் இருமுங்கோ.”

நாகேஸ்வரன் இருமினார்.

“இதென்ன, மிராசுதார் ஆளைக் கூப்பிடற மாதிரின்னா இருக்கு! கொஞ்சம் ஈனஸ்வரத்திலே.”

“ஈனஸ்வரம் எனக்கு வரலைடி. அடிவயித்திலேர்ந்துதான் வரது.”

“அந்த அடிவயித்தைத்தான் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கோங்கோளேன்!”

இழுத்தார். மூச்சுத் திணறி முகம் சிவந்தது. சிவந்ததும் இன்னும் செழிப்பாகத் தெரிந்தது. வாலாம்பாள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் தையல் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், நாகேஸ்வரன் ஓடிப்போய்ப் பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் குந்துவார். வந்தது கேபிள் டி.வி. ஆளாக இருக்கும், “எந்து பற்றி சாமி, என்ன ஆச்சு? வயறு வேதனையோ?” என்று விசாரித்துவிட்டுப் போவான். ஜூன் முழுக்க இப்படியே குந்தினார். கார்ப்பரேஷன் மட்டும் வரவில்லை.

இதற்கிடையில் ஆனி மாசத்தில் அவருடைய ஜன்ம நட்சத்திரம் வந்தது. பிறந்த வருஷமான பராபவ வருஷம் அறுபது வருஷம் சுற்றித் திரும்ப வந்திருந்தது. அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமே! நாகேஸ்வரன், கோயிலில் ஒரு அர்ச்சனையோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். அனந்து எகிறிக் குதித்தார்.

“ஓய், ஊர்லே இருக்கிறவா கல்யாணத்தையெல்லாம் உம்ம கல்யாணம்னு சொல்லிண்டு நின்னீரே, உமக்குன்னு வரச்சே அர்ச்சனையா? வாயை மூடிண்டு மாப்பிள்ளையா உட்காரும். பாக்கியை நாங்க பாத்துக்கறோம்.”

பார்த்துக்கொண்டார்கள். சமையல் அனந்து கோஷ்டி, கூலியில்லாமல். காய்கறி, பாறசாலையிலிருந்து கல்யாணங்களுக்குக் காய் இறக்கும் ராஜையன். “நம்ம சாமிக்கக் கல்யாணத்துக்கு நான் துட்டு வாங்குனா கர்த்தர் என்னைய சும்மா விடுவாரா வே?” என்று சொல்லி ஒரு வண்டி நிறைய இறக்கினார். ஹால் மானேஜர், புதன்கிழமை காலியாகத்தானே கிடக்கிறது என்று குளிர்சாதன ஹாலையே திறந்துவிட்டார். நாதஸ்வரக்காரர்கள், மாலை கட்டுகிறவர், போட்டோக்காரர், எல்லாரும் பந்தி வாசலில் வருஷக்கணக்காக அவரிடம் பன்னீர் வாங்கியவர்கள். பட்டு வேஷ்டி அனந்துவுடையது. கழுத்துச் சங்கிலி ராஜையனுடையது. வாலாம்பாளின் ஒட்டியாணமும் நெக்லஸும் நாட்டியப் பள்ளிக்கூடத்து டீச்சர் கொடுத்த கவரிங்.

ஜானவியும் வினயும் முதல் நாளே வந்துவிட்டார்கள். கலச தீர்த்தம் தலையில் கொட்டி, திரும்ப ஒரு தாலி கட்டி, நாகேஸ்வரன் ஜரிகை மினுமினுக்க எழுந்து நின்றபோது பதினோரு மணி. அப்பளம் பொரிகிற வாசனை வந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அறுபது வயசு மாப்பிள்ளைக்குக் கால் நிலைகொள்ளவில்லை. மாலையும் கழுத்துமாக நேரே பந்தி வாசலுக்குப் போய், அங்கே நின்ற ஆளிடமிருந்து பன்னீர்ச் செம்பைப் பிடுங்கிக்கொண்டார்.

“மாப்பிள்ளை இங்கே நிக்கப்படாது ஓய்!” என்று அனந்து கத்தினார்.

“போங்காணும், எனக்கு இதுதான் கல்யாணம்!”

அப்போது ஒரு புதிய மனிதர் வந்தார். அரைக்கைச் சட்டை, தோளில் ஜோல்னா பை, கையில் ஹெல்மெட். வெயிலில் வந்த முகம். வாசலில் நின்று தயங்கித் தயங்கிப் பார்த்தார். நாகேஸ்வரனுக்குத் தயங்குகிற மனிதரைக் கண்டால் ஆகாது. அரை விநாடியில் அவர் தலையில் பன்னீர் மழை பெய்தது.

“வாங்கோ வாங்கோ! எந்தா சாரே அங்கேயே நின்னுட்டேள்? ஹெல்மெட்டை இப்படிக் குடுங்கோ!”

“ஞான் வந்நது…”

“வந்ததுதான் வந்தேள், சாப்பிட்டுட்டுப் பேசலாம்! நம்ம ஹாலாக்கும் சாரே, ஏசியைப் பாருங்கோ, நல்ல ஜில்லுனு இல்லையா? எல்லாம் நம்மதுதான்!”

வந்தவர் ஏசியைப் பார்த்தார். “நிங்கள்தான் நாகேஸ்வரனோ?”

“பின்னே? நாகேஸ்வரன் நானேதான்! காலம்பறத்திலேர்ந்து கல்யாணமாக்கும்!” கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார வைத்தார். “வெளியே ரெண்டு கார் நிக்கறதே, அதிலே ஏத்தி உங்களை வீட்டிலே கொண்டுவிடச் சொல்றேன். நம்ம கார்தான், சங்கோஜப்படாதேங்கோ! டேய், சாருக்கு எரிசேரி போடு! போளி ரெண்டு! அதுக்கு மேலே பாயசம் விடு, கை தாராளமா வரட்டும்! நம்மகிட்ட இல்லாததா?”

வந்தவர் போளியைப் பார்த்தார், கொடுப்பவரின் சங்கிலியைப் பார்த்தார், மேடையில் ஒட்டியாணத்தோடு நின்ற வாலாம்பாளைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“எண்டெ பேரு ஸ்ரீகுமார். கார்ப்பரேஷன்லேர்ந்து வரேன். இது சாமி தந்ந பென்ஷன் அபேக்ஷ, அந்த அப்ளிகேஷன். வீட்டுக்குப் போனேன், பூட்டிக் கிடக்கு. அடுத்த வீட்டுக்காரி சொன்னா, அவருக்கு இன்னிக்குக் கல்யாணம், ஹாலுக்குப் போங்கன்னு.”

நாகேஸ்வரனின் கையில் இருந்த பன்னீர்ச் செம்பு சாய்ந்து அவர் தொந்தி மேலேயே கொட்டியது.

முதலில் அவருக்கு ஒத்திகைதான் ஞாபகம் வந்தது. சட்டென்று தோளைக் குறுக்கி, ஈனஸ்வரத்தில் இருமினார். பட்டு வேஷ்டியும் மாலையும் ராஜையனின் சங்கிலியுமாக நின்று இருமிய அந்த இருமலைக் கேட்டு நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

“சுகமில்லையோ?” என்றார் ஸ்ரீகுமார்.

“ஏழை சாரே” என்றார் நாகேஸ்வரன்.

ஸ்ரீகுமாருக்கு உதடு துடித்தது. அடக்கிக்கொண்டார். “சாமீ, ஹால் நம்மது, ஏசி நம்மது, ரெண்டு காரு நம்மதுன்னு இப்பத்தானே எண்டெ கிட்டே சொன்னீங்க. காரு டாக்ஸியா இல்லாம ஆயிரம் சி.சி.க்கு மேலே சொந்தமா இருந்தா பென்ஷன் இல்லை. ஏசி இருந்தா இல்லை. ஞான் இனி எந்து எழுதணும்?”

மேடையிலிருந்து வாலாம்பாள் ஒட்டியாணம் குலுங்க ஓடி வந்தாள். “சார், அவர் சொல்றதை எழுதிடாதேங்கோ! அவர் வாய்க்கு அதுதான் வேலை! ஊரான் கல்யாணத்தையெல்லாம் நம்மதுன்னு சொன்னாத்தான் அவருக்குக் கூலி!”

“சத்தியம் சாரே!” அனந்து கரண்டியோடு வந்தார். “இவர் கட்டிண்டிருக்கிற வேஷ்டி என்னோடதாக்கும். வேணும்னா பாருங்கோ, ஓரத்திலே என் சலவைக் குறி இருக்கு!” என்று மாப்பிள்ளையின் வேஷ்டி ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார்.

“ஓய், விடும்! மானம் போறது!”

“அந்தச் சங்கிலி எனக்குள்ளது சார்” என்று ராஜையன் நெஞ்சில் கை வைத்தார். “டாலரைத் திருப்பிப் பாருங்க, சிலுவை இருக்கும். இந்தச் சாமி மார்ல மாட்டிருக்கத பாத்துட்டு நானே காலையிலேர்ந்து சிரிச்சிக்கிட்டிருக்கேன்.”

ஸ்ரீகுமார் எட்டிப் பார்த்தார். சந்தனப் பூச்சுக்கு நடுவே சின்னச் சிலுவை சமத்தாகத் தொங்கியது.

அதற்குப் பிறகு தடுக்க ஆளில்லை. ஒரு கார் என்னுடையது என்றார் போட்டோக்காரர். இன்னொன்று மானேஜருடையது. வாலாம்பாள் கவரிங் நெக்லஸைக் கழற்றி, அடியில் கறுத்திருந்த இடத்தை விளக்குப் பக்கமாகப் பிடித்துக் காட்டினாள். மாலை கட்டினவர், “மாலை நான் ஓசியாக் குடுத்தது, ஆனா திருப்பி வாங்க மாட்டேன்” என்றார். ஆளுக்கு ஆள் வந்து மாப்பிள்ளை மேலிருந்து தங்கள் தங்கள் சாமானைச் சொந்தம் கொண்டாட, நாகேஸ்வரன் கடைசியில் மாலையும் பூணூலும் மட்டுமே தன்னுடையவையாக நடுவில் நின்றார். அப்போதும், சொன்னால் நம்பமாட்டீர்கள், பணக்காரர் போலத்தான் இருந்தார்.

ஸ்ரீகுமாரால் அதற்கு மேல் முடியவில்லை. சிரித்துவிட்டார். சிரிக்கச் சிரிக்கப் போளி புரையேறி, அவர் தலையில் நாகேஸ்வரனே தட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பேனாவை எடுத்தார். “மனசிலாச்சு. முகம் பார்த்து எழுதறதுக்கு எண்டெ ஃபாரத்திலே இடமில்லை. கேட்கிறதுக்குப் பதில் சொன்னால் மதி, அது போதும். நிலம் ரெண்டு ஏக்கருக்கு மேலே உண்டா?”

“ரெண்டு சென்ட் இல்லை சாரே.”

“வேறே பென்ஷன்? இன்கம் டாக்ஸ்?”

“ரெண்டும் இல்லை.”

“மக்கள்?”

“ஒரே பொண்ணு. பெங்களூர்லே வேலை. மாப்பிள்ளையும் நல்ல வேலை” என்று பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “நல்ல வேலைன்னா… சுமாரான வேலை.”

“பேடிக்கண்டா, பயம் வேணாம். கல்யாணம் கழிஞ்ச மகளுடைய வருமானம் சாமியுடைய கணக்கிலே வராது. நல்ல வேலைன்னே சொல்லலாம்.”

“அப்படீன்னா ரொம்ப நல்ல வேலை!” என்று முழங்கினார் நாகேஸ்வரன்.

“ஹாலும் காரும் யாருடையதுன்னு தெரிஞ்சாச்சு. இனி வீடு. எத்ற பெரிசு, உள்ளே என்ன இருக்குன்னு நேரிலே பார்க்கணும். ஏசி ஒண்ணும் இல்லல்லோ?”

“வீட்டிலே காத்தே வராது சார், ஏசிக்கு எங்கே போறது!” என்று வாலாம்பாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தூணருகில் நின்ற ஜானவியின் முகம் வெளுத்தது. வினயின் முழங்கையைக் கிள்ளினாள். வினய் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். யாரும் கவனிக்கவில்லை. ஸ்ரீகுமார் எழுந்து கை கழுவியதும் எல்லாரும் கூடவே கிளம்பிவிட்டார்கள்.

அறுபதாம் கல்யாணத் தம்பதி வாசலுக்கு வருவதைப் பார்த்த நாதஸ்வரக்காரர் ஊர்வலம் என்றே முடிவு செய்துவிட்டார். தவில் முழங்கியது. முன்னால் வாத்தியம், பின்னால் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கார்ப்பரேஷன் ஆள், அவர் ஹெல்மெட்டை ஏந்திக்கொண்டு அனந்து, மாலையோடு நாகேஸ்வரனும் வாலாம்பாளும், கடைசியில் கூடை முருங்கைக்காயை எதற்கென்று தெரியாமலே தூக்கிக்கொண்டு ராஜையன். ஜன்னல்கள் திறந்தன. “என்ன, மாப்பிள்ளை அழைப்பா?” என்று ஒரு மாமி கேட்டாள். “பென்ஷன் அழைப்பு!” என்றார் அனந்து.

பின்கட்டு வாசலுக்கு வந்தபோது தவிலையும் மீறி ஒரு சத்தம். கர்ர்ர்ர். பூட்டியிருந்த கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே சீருடை போட்ட இரண்டு பேர். ஒருவர் ஏணி மேல் நின்று சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் தையல் மெஷின் மேல் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்து, வெள்ளை வெளேரென்று ஒரு ஏசியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். வினய் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். “அவா போனை எடுக்கலை மாமா, டிரில் சத்தத்திலே கேட்கலை போலிருக்கு. நான் இப்பத்தான் ஓடி வரேன், அதுக்குள்ளே…”

தவில் நின்றது.

“சர்ப்ரைஸ் பா” என்றாள் ஜானவி. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “அறுபதுக்கு எங்க கிஃப்ட். சாவியை அடுத்தாத்து மாமிகிட்டேர்ந்து வாங்கிக்கச் சொல்லியிருந்தேன்.”

ஸ்ரீகுமார் அறையைப் பார்த்தார். நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் சமையலறையில் நிற்க வேண்டிய அறை. அவர் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. “சாமி, கஷ்டமாட்டு இருக்கு. ஆனா வீட்டிலே ஏசி உண்டுன்னா பென்ஷன் கிட்டாது. யார் வாங்கித் தந்ததுன்னு ரூல் கேட்காது. ஞான் காணறதை எழுதணும்.”

ஜானவி அப்பாவின் கையைப் பிடித்தாள். “போனாப் போறதுப்பா. ரெண்டாயிரம்தானே? நான் மாசாமாசம் அனுப்பிடறேன். இல்லேன்னா எங்காத்துக்கே வந்துடுங்கோ. எதுக்கு இந்த விசாரணையெல்லாம்?”

நாகேஸ்வரன் ஏசியைப் பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. மேட மாசக் கோடை வெயிலில் வாலாம்பாள் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மெஷின் மிதித்தது ஞாபகம் வந்தது. அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். வாலாம்பாள் ஏசியைப் பார்க்கவேயில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராவது மாடியில் அவளும் அவரோடுதானே இருந்தாள்!

“குழந்தே” என்றார் அவர். “நீ அனுப்பினா அது உன்னோட பாசம். தேதி தப்பிப் போனா நான் கேட்பேனோ? மாட்டேன். உள்ளுக்குள்ளே வெச்சுண்டு புழுங்குவேன். கவர்மென்ட் பென்ஷன்னா அப்படியில்லை. ரெண்டு மாசம் வரலைன்னா தெருவிலே நின்னுண்டு வாய் ஓயறவரை திட்டலாம். மாப்பிள்ளையைத் திட்ட முடியுமோ?”

“திட்டலாம் மாமா, பரவாயில்லை” என்றான் வினய்.

“முடியாதப்பா. இத்தனை நல்ல பையனை எப்படித் திட்டறது!” அவர் வாலாம்பாளிடம் திரும்பினார். “நீ என்னடி சொல்றே? உனக்கு ஜில்லுனு வேணுமோ?”

“எனக்கு நீங்க வாசல்லே நின்னு வாங்கோ வாங்கோன்னு கத்தறது கேட்டுண்டிருக்கணும்” என்றாள் வாலாம்பாள். “பெட்டியைத் திரும்பக் கட்டச் சொல்லுங்கோ.”

சீருடைக்காரர்கள் திகைத்தார்கள். “சாரே, சுவர்லே ஓட்டை போட்டாச்சு!”

எல்லார் கண்ணும் ஸ்ரீகுமார் பக்கம் போயிற்று. அவர் ஏணிக்கடியில் போய் நின்று ஓட்டையை நிதானமாக ஆராய்ந்தார். ஓட்டை வழியாக அடுத்த வீட்டு வாழைமரம் தெரிந்தது.

“ஓட்டைக்கு ரூல் இல்லை” என்றார்.

வீடே சிரிப்பில் வெடித்தது. ஏசி திரும்பவும் தெர்மாகோலுக்குள் போனது. பெங்களூருக்கு அனுப்புகிற செலவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வினய் வாக்குக் கொடுத்தான். ராஜையனும் சீருடைக்காரர்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டும்போது, யார் சொன்னதோ, நாதஸ்வரக்காரர் மங்களம் வாசித்தார். பெட்டி வேனில் ஏறி, வேன் தெருமுனை திரும்பும் வரைக்கும் ஸ்ரீகுமார் வாசலிலேயே நின்று பார்த்தார். பிறகு தையல் மெஷின் மேல் காகிதத்தை வைத்து எழுதினார். வாடகை வீடு. ஒரு அறை. ஏசி இல்லை. வாகனம் இல்லை.

“சாமி அர்ஹன், தகுதி உண்டுன்னு ஞான் ரிப்போர்ட் எழுதியாச்சு. இனி கவுன்சில் பாஸாக்கணும், அது கழிஞ்சாத்தான் பேரு ஏறும். காசு தர்றது ஞானில்லை கேட்டோ. வருஷா வருஷம் அக்ஷயாவிலே போய் விரலை வெச்சு, உயிரோட இருக்கேன்னு காட்டணும். இந்த வீட்டிலே ஏதாவது மாறினா அதையும் சொல்லணும்” என்று சொல்லி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

உள்ளே திரும்பியதும் வெக்கை முகத்தில் அறைந்தது. ஜானவி புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். “நன்னா வேகுங்கோ ரெண்டு பேரும்! போகட்டும், ஒரு நல்ல டேபிள் ஃபேனாவது வாங்கித் தரட்டுமா?”

“ஃபேனா?” வாலாம்பாள் பதறினாள். “இருடி, அதுக்கும் ஏதாவது ரூல் இருக்கப் போறது! ஏன்னா, அந்த சாரைக் கேளுங்கோ!”

முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, அனந்துவின் பட்டு வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாகேஸ்வரன் தெருவில் இறங்கி ஓடினார். மாலை ஒரு பக்கமாகவும் தொந்தி ஒரு பக்கமாகவும் குலுங்கின. வலியசாலை முழுக்க ஜன்னலுக்கு வந்தது.

“சாரே! ஸ்ரீகுமார் சாரே! ஃபேன்! டேபிள் ஃபேன் வெச்சுக்கலாமோ?”

தெருமுனையில் ஸ்கூட்டர் நின்றது. ஸ்ரீகுமார் திரும்பிப் பார்த்தார். பட்டும் மாலையுமாக ஒரு ஜமீன்தார், டேபிள் ஃபேனுக்கு அனுமதி கேட்டு மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தார்.

“எத்ற வேணுமெங்கிலும் வெச்சோ சாமீ!” என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினார் அவர். “கறங்கட்டே, நல்லாச் சுத்தட்டும்!”

நாகேஸ்வரன் நடுத்தெருவிலேயே நின்று, வீட்டுப் பக்கம் திரும்பி, அடிவயிற்றிலிருந்து குரலெடுத்தார்.

“வாலா! ஃபேன் பாஸ்!”